10:42-க்கு வந்த டிப், 10:25-க்கே கிளம்பிய வால்யூம்

என் சித்தப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு கோப்பை அனுப்பினான். டெலிகிராமில் அவன் இருந்த பங்குச் சந்தை டிப்ஸ் குழுவின் 12 நாள் உரையாடல். கூடவே ஒரு வரி: "அண்ணா, பணம் கட்டி விஐபி குழுவுல சேரலாம்னு இருக்கேன். இன்னைக்கு ராத்திரியோட மூடிடுவாங்களாம். ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க."

இந்தக் குழுக்களில் எப்போதும் இரண்டு அடுக்கு உண்டு. ஒரு சேனலில் டிப் மட்டும் வரும், அதில் நிர்வாகி மட்டுமே எழுதுவார். அதனோடு இணைந்த குழுவில் உறுப்பினர்கள் பேசிக்கொள்வார்கள். தம்பி இரண்டையும் ஏற்றுமதி செய்து அனுப்பியிருந்தான். கணினியில் உள்ள டெலிகிராமில் அதற்கு வசதி இருக்கிறது. JSON வடிவம் கேட்டால் result.json என்ற ஒரே கோப்பாக வரும், ஒவ்வொரு செய்திக்கும் எண், நொடி வரை நேரம், எழுதியவரின் அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். கைபேசித் திரையில் விரலால் தள்ளிப் படிப்பதற்கும் இந்தக் கோப்பைப் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம். திரையில் பார்த்தால் உற்சாகம் தெரியும். கோப்பில் பார்த்தால் நேரம் தெரியும்.

டிப் சொன்ன பங்கின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த நிறுவனத்துக்கே இதில் கை உண்டா இல்லையா என்பதை இந்த உரையாடலை வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இவர்கள் தேர்ந்தெடுப்பது யாரும் கவனிக்காத, கைமாற்றம் குறைந்த பங்கு, அவ்வளவுதான். இந்தப் பங்கில் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒரு நாளைக்குச் சராசரியாக 40,000 பங்குகள் கைமாறின. இப்படிக் கைமாறும் எண்ணிக்கையைத்தான் வால்யூம் என்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு என்று பிரித்தால் 500-ஐ ஒட்டி வரும். இந்த 500 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை 10 மணி 42 நிமிடம் 8 நொடிக்குச் சேனலில் டிப் வந்தது. "26–27-ல் வாங்குங்க, வேகமா" என்றது. நான் அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிவிட்டு, அதே நாளின் ஐந்து நிமிட விலை வரைபடத்தைத் திறந்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை: வரைபடத்தில் 10:40 என்று இருக்கும் கட்டை பெரும்பாலான தளங்களில் 10:40 முதல் 10:45 வரையிலான வியாபாரத்தைக் காட்டும். 10:42 செய்தி அதன் நடுவில் விழுகிறது. அதனால் அந்தக் கட்டையைச் சாட்சிக்கு எடுக்கக் கூடாது, அதற்கு முன் முழுதாக முடிந்த கட்டைகளை மட்டும்தான் பார்க்க வேண்டும். அவை இப்படி இருந்தன. 10:25 கட்டையில் 3,800 பங்குகள். 10:30-இல் 22,000. 10:35-இல் 64,000. விலை 24.60-இலிருந்து 26.10-க்கு ஏறியிருந்தது. எல்லாம் டிப் வருவதற்கு முன்னால். எண்ணாயிரம் பேர் கொண்ட குழு இன்னும் பெயரைக்கூடக் கேள்விப்படவில்லை, ஆனால் வழக்கமாக 500 கைமாறும் ஐந்து நிமிடத்தில் 64,000 கைமாறியிருக்கிறது.

சரி, ஏதாவது நல்ல செய்தி வெளியாகியிருக்கலாம் அல்லவா? அதையும் பார்த்தேன். பங்குச் சந்தைக்கு நிறுவனம் கொடுத்த அறிவிப்புகள் பொதுவில் கிடைக்கும். அந்த இரண்டு வாரத்தில் இருந்தது வழக்கமான இயக்குநர் கூட்ட அறிவிப்பு ஒன்று மட்டுமே, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. பிறகு நாள்வாரியாகப் பின்னோக்கிப் போனேன். திங்களுக்கு முந்தைய ஆறு வர்த்தக நாள்களின் வால்யூம்: 62,000, 85,000, 1,10,000, 95,000, 1,40,000, 1,60,000. விலை அதே ஆறு நாளில் 21-இலிருந்து மெல்ல 24.50-க்கு வந்திருந்தது. கூட்டினால் 6,52,000. வழக்கப்படி இருந்திருந்தால் 2,40,000 இருக்கும். மிச்சம் 4,12,000 பங்குகள் யாரோ சத்தமில்லாமல் வாங்கியது. அத்தனையும் ஒரே கை என்று நான் சொல்லவில்லை; ஏறும் விலையைப் பார்த்து உள்ளே வந்த சாதாரண ஆள்களும் அதில் இருப்பார்கள். ஆனால் இது ஒரு மேல் எல்லை. இவ்வளவு சரக்கு வரை மூட்டை கட்டி வைத்திருக்க முடியும், அதைக் கொட்ட ஓர் இடம் வேண்டும்.

கொட்டிய இடத்தையும் வரைபடம் காட்டியது. புதன்கிழமை மதியம் 1:35 முதல் 2 மணி வரை, ஐந்தே கட்டைகளில் 7,20,000 பங்குகள் கைமாறின. அவ்வளவு பேர் வாங்கியும் விலை 33.40-ஐத் தொட்டுவிட்டு 32.60-க்கு இறங்கியது. வாங்க இவ்வளவு கூட்டம் வந்தும் விலை ஏறவில்லை என்றால் எதிர்ப்பக்கம் அதைவிடப் பெரிய கை விற்கிறது என்று பொருள். அதே நேரம் சேனலில் என்ன வந்தது? 1:38-க்கு: "யாரும் விற்காதீங்க. பெரிய செய்தி வருது. 45, 60 தொடும்." அந்த 25 நிமிடத்தில்தான் தம்பி 30.50-க்கு வாங்கி வைத்திருந்த தன் 800 பங்குகளை விற்கப் போய், இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். வியாழன் 27-இல் முடிந்தது. வெள்ளிக்கிழமை, அன்று அதற்கு மேல் இறங்கக் கூடாது என்று சந்தை வைத்த கீழ் எல்லையான 21.60-இல் போய் உட்கார்ந்துகொண்டது. விற்க நீண்ட வரிசை, வாங்க ஆளில்லை.

இனி ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு வருவோம். திங்கள் மதியத்திலிருந்தே குழுவில் லாபப் படங்கள் மழையாகப் பொழிந்தன. மூன்று நாளில் 47 படங்கள். இவற்றை எல்லாரும் "போலியா, அசலா" என்றுதான் பார்க்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன். ஒரு படத்தில் 12,000 பங்குகள், வாங்கிய சராசரி 26.40, இப்போதைய விலை 33.10, லாபம் 84,400, சதவீதம் 25.38. கணக்குப் போட்டால் ஒரு பங்குக்கு 6.70 வீதம் 80,400தான் வர வேண்டும். சதவீதமும் 80,400-க்குத்தான் பொருந்துகிறது. ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுச் சதவீதத்தை மறந்துவிட்டார் அந்தக் கலைஞர். வேறு நான்கு பேர் வெவ்வேறு பெயரில் போட்ட படங்களில் மேல் ஓரத்தில் ஒரே மணி, ஒரே 63 சதவீத பேட்டரி. ஒரே கைபேசியிலிருந்து எடுத்த படத்தைத்தான் எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் சுலபமாக மாட்டுகிறவை. இவற்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் மற்ற படங்களை நம்பிவிடுவதுதான் ஆபத்து. ஏனென்றால் பொய்ப் பணத்தில் பழகும் டெமோ கணக்கில் எடுத்த படத்தில் கணக்கு அச்சு மாறாமல் சரியாக இருக்கும். ஒரு கணக்கில் வாங்கி, இன்னொன்றில் எதிராக விற்று, ஜெயித்த கணக்கை மட்டும் படமெடுத்துப் போட்டாலும் சரியாகவே இருக்கும். கணக்குத் தப்பினால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். கணக்குப் பொருந்தினால் எதையும் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பயன்பட்டது கணக்கு பிசகாத ஒரு படம்தான். திங்கள் 11:20-க்கு "நன்றி சார், இன்னைக்கு வாங்கி அரை மணியில லாபம்" என்ற குறிப்போடு வந்தது. 5,000 பங்குகள், சராசரி 24.10, அப்போதைய விலை 29.40, லாபம் 26,500. பெருக்கிப் பாருங்கள், அச்சாகச் சரி. ஆனால் திங்களன்று அந்தப் பங்கு தொட்ட மிகக் குறைந்த விலை 24.40. டிப் வந்த 10:42-க்கோ 26.10-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு 24.10-க்கு ஒரு பங்குகூட யாருக்கும் கிடைத்திருக்க முடியாது. ஆக இரண்டில் ஒன்று. படம் போலி, அல்லது படம் அசல், அந்த ஆள் டிப் வருவதற்கு முந்தைய வாரமே வாங்கிவிட்டவர். போலியைவிட அசலாக இருப்பதுதான் குழுவுக்குப் பெரிய அவமானம்.

அதனால் இப்போது நான் லாபத் தொகையைப் பார்ப்பதே இல்லை. சராசரி விலையை மட்டும் பார்க்கிறேன். டிப் வந்த நிமிடத்துக்குப் பிறகு அந்த விலை சந்தையில் இருந்ததா என்பது ஒன்றே கேள்வி. 47 படங்களில் சராசரி விலை தெரிந்தவை 31. அவற்றில் 19 படங்களின் விலை 26-க்குக் கீழே. டிப்பைப் பார்த்து வாங்கிய எவரும் அந்த விலையில் வாங்கியிருக்கவே முடியாது. இன்னொன்றையும் கவனித்தேன்: 31-இல் ஒன்றுகூட விற்று முடித்த லாபம் அல்ல. எல்லாமே கையில் வைத்திருக்கும் பங்கின் காகித லாபம். விற்ற பிறகு தரகரிடமிருந்து வரும் ரசீதான காண்ட்ராக்ட் நோட்டை ஒருவரும் காட்டவில்லை.

உரையாடலில் எழுதியதைவிட அழித்ததும் திருத்தியதும் அதிகம் பேசும். இந்தப் பெரிய குழுக்களில் டெலிகிராம் செய்திகளுக்கு வரிசையாக எண் போடுகிறது. அழித்தால் வாட்ஸ்அப்பைப் போல "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்ற தடம்கூடத் திரையில் இருக்காது. ஆனால் எண் காணாமல் போகும். ஏற்றுமதிக் கோப்பில் எந்தெந்த எண் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க, JSON கோப்புகளைப் படிக்கும் jq என்ற கருவியில் ஒரு வரி போதும்:

```
jq -c '[.messages[].id] as $i | [range($i[0]; $i[-1])] - $i' result.json
```

திங்கட்கிழமை முழுவதும் குழுவில் விடுபட்ட எண்கள் ஆறு. அது சாதாரணம், உறுப்பினர்களே தங்கள் செய்தியை அழிப்பதுண்டு. வியாழன் மதியம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை மட்டும் 290 எண்களில் 171 காணவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் விலை சரிந்தது. என்ன எழுதியிருந்தார்கள் என்று கோப்பு சொல்லாது. ஆனால் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஓர் உறுப்பினர் 1:52-க்கு எழுதியது தப்பிப் பிழைத்திருக்கிறது: "எனக்கும் அதே கேள்விதான் சார், பதில் சொல்லுங்க". அது யாருக்கான பதில் என்று பார்த்தால், reply_to_message_id காட்டும் எண்ணில் செய்தியே இல்லை. கேள்வியைப் பிடுங்கிவிட்டார்கள், அதில் தொங்கிய வால் மட்டும் மிஞ்சிவிட்டது. இப்படி எட்டு வால்கள் கிடைத்தன. "நீங்க வித்துட்டீங்களா சார்?" என்று ஒன்று. அதற்கு முந்தையதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

திருத்தம் இன்னும் நேர்த்தியாக நடந்திருந்தது. சேனலில் இப்போது அந்தத் திங்கட்கிழமை டிப்பைப் படித்தால் இப்படி இருக்கிறது: "26–27-ல் வாங்கலாம். 33 வந்ததும் முழுவதும் விற்றுவிடவும். ஸ்டாப்லாஸ் 25." எவ்வளவு துல்லியம்! உச்சம் 33.40, இவர் 33-க்கே விற்கச் சொல்லிவிட்டார். விலை 25-க்கு இறங்கினால் நட்டத்தைக் குறைக்க விற்றுவிட வேண்டும் என்று ஸ்டாப்லாஸும் வைத்துவிட்டார். புதிதாகச் சேர்கிறவர் மேலே தள்ளிப் பார்த்தால் வாயைப் பிளப்பார். ஆனால் கோப்பில் அந்தச் செய்தியின் date திங்கள் 10:42, edited வெள்ளி இரவு 8:15. edited இருக்கிறது என்பதாலேயே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கலாம். பழைய வாசகம் என்ன என்பதையும் கோப்பு வைத்திருக்காது.

அதிர்ஷ்டவசமாகத் தம்பிக்கு ஒரு பழக்கம். முக்கியமான செய்தியைத் தன்னுடைய சேமிப்புப் பகுதிக்கு ஃபார்வர்ட் செய்து வைப்பான். ஃபார்வர்ட் செய்த பிரதி தனி. மூலத்தைத் திருத்தினாலும் அது மாறாது. அதில் இருந்தது: "26–27-ல் வாங்குங்க, வேகமா. டார்கெட் 45, அப்புறம் 60. ஸ்டாப்லாஸ் தேவையே இல்ல." இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் பதிலே இல்லை. பிறகு "இது நான் கண்ணால படிச்சதுதான், ஆனா மாத்திட்டாங்கன்னு தோணவே இல்லண்ணா" என்றான். தோன்றாது. வெள்ளிக்கிழமை இரவு எட்டேகாலுக்கு யார் திங்கட்கிழமை செய்தியைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

அவசரப்படுத்துவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது எல்லாக் குழுக்களிலும் ஒரே பாட்டு. விஐபியில் 50 இடம்தான் என்று செவ்வாயன்று அறிவித்தார்கள். புதன் காலை 17 இடம் பாக்கி. வியாழன் 12. சனிக்கிழமை 18. "சிலர் பணம் கட்டாததால்" கூடிவிட்டதாம். எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதினாலே போதும். ஆனால் ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது. விஐபி அறிவிப்புகள் எல்லாமே லாபப் படங்கள் குவிந்த அரை மணிக்குள் வந்திருக்கின்றன, விலை விழுந்த வியாழனின் அறிவிப்பும் சரிவுக்கு முன் காலையிலேயே வந்துவிட்டது. ஞாயிறு இரவுக்கு வைத்த கெடுவும் காரணமில்லாமல் இல்லை. சந்தை மூடியிருக்கும்போது விலை எதையும் பொய்யாக்காது.

படங்களுக்குக் கைதட்டியவர்களையும் எண்ணினேன். உறுப்பினர் எண்ணிக்கை 8,140. பன்னிரண்டு நாளில் வாயைத் திறந்தவர்கள் 212 பேர். மொத்தச் செய்திகளில் பாதிக்கு மேல் எழுதியவர்கள் ஒன்பது பேர். டிப் வந்த 23-ஆவது நொடியில் "2000 வாங்கிட்டேன் சார்" என்று எழுதியவர் அந்த ஒன்பதில் ஒருவர். செயலியைத் திறந்து, பெயரைத் தேடி, எண்ணிக்கை போட்டு, வாங்கி, திரும்பி வந்து தட்டச்சு செய்ய 23 நொடி. வேகமான விரல் உள்ளவருக்கு ஒருமுறை முடியலாம். அந்தப் பன்னிரண்டு நாளில் வந்த மூன்று டிப்புக்கும் இதே வேகம் என்றால் அவர் வாங்குவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

இது புதிய கலையும் அல்ல. 2000 செப்டம்பரில் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி 15 வயதுப் பையன் ஒருவன் மீது நடவடிக்கை எடுத்தது. கைமாற்றம் குறைந்த பங்குகளை வாங்கிவிட்டு, யாஹூ நிதிப் பக்கத்தின் விவாதப் பலகைகளில் பல பொய்ப் பெயர்களில் நூற்றுக்கணக்கில் எழுதி விலையை ஏற்றி, ஒரு நாளுக்குள் விற்றுவிடுவான். இப்படி 11 முறை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் சுமார் 2,85,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டான். அவன் ஒற்றை ஆளாகத் தட்டியதை இப்போது ஒன்பது பேர் தட்டுகிறார்கள்.

இவ்வளவையும் தொலைபேசியில் தம்பிக்குச் சொல்லி முடித்தபோது அவன் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வை எழுதவே காரணம். "சரிண்ணா, முன்னாடியே வாங்குறவன் சம்பாதிக்கிறான்ல? 10:25-க்கு வாங்கினது விஐபி ஆளுங்கதானே? அப்போ நான் விஐபியில சேர்ந்தா நானும் 10:25-ல வாங்கலாமே?"

ஏமாற்று என்று தெரிந்த பிறகும் பலர் பணம் கட்டுவது இந்தக் கணக்கில்தான். கணக்கு முழு முட்டாள்தனமும் இல்லை. விஐபி உறுப்பினர்களுக்கு 10:25-ஐ ஒட்டிச் சொல்லியிருக்கலாம், அந்தக் கட்டைகள் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் மறுபடியும் அந்த ஆறு நாளைப் பாருங்கள். 21-இலிருந்து 24.50 வரை நிதானமாக வாங்கியவர்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. விஐபிக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நாள்களின் வால்யூம் 10:35 கட்டையைப் போலத் துள்ளியிருக்கும். விஐபி உள்ளே வந்தபோது விலை 24.60-ஐத் தாண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இலவசக் குழு விஐபிக்கு வெளியேறும் வாசல் என்றால், விஐபி அதற்கு உள்ளே இருப்பவர்களுக்கு வெளியேறும் வாசல். கட்டணம் கட்டினால் வரிசையில் ஓரிடம் முன்னே கிடைக்கிறது. அது எத்தனையாவது இடம் என்று சொல்பவர் வரிசையை நடத்துபவர்தான், அடுத்த முறை இரண்டு வாசலையும் மாற்றி வைத்தால் விஐபிக்குத் தெரியவும் போவதில்லை. விலையைச் செயற்கையாக ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தே அதில் பங்கெடுப்பது பல நாடுகளின் சட்டத்தில் குற்றம் என்பதையும் சொன்னேன். அதற்கு அவன் "ம்" என்று மட்டும் சொன்னான்.

இந்த முறையால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்பது வரைபடத்தில் தெரியாது. அது சந்தைக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் மட்டுமே தெரியும். என்னால் காட்ட முடிவது வரிசை: சரக்கு முதலில், டிப் பிறகு, படம் அதற்கும் பிறகு, அழிப்பும் திருத்தமும் கடைசியில். கைமாற்றம் அதிகமுள்ள பெரிய பங்கில் டிப் கொடுத்திருந்தால் இந்த 500-க்கும் 64,000-க்குமான வித்தியாசம் கூட்டத்தில் கரைந்துபோயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. ஐந்து நிமிட வரைபடத்தைப் பல தளங்கள் சில வாரங்களுக்கு மேல் இலவசமாகத் தருவதில்லை என்பதால் நாள் கடத்தவும் கூடாது. கோப்பையும் அப்படித்தான்: நிர்வாகி இன்றிரவு அழித்துவிட்டால் நாளை ஏற்றுமதி செய்வதில் அது இருக்காது. புகார் கொடுப்பதாக இருந்தாலும் முதல் வேலை ஏற்றுமதி, இரண்டாவது வேலைதான் கேள்வி கேட்பது. குழுவில் போய்ச் சண்டை போட்டால் நொடியில் வெளியே தள்ளிவிடுவார்கள்.

தம்பி விஐபிக்குப் பணம் கட்டவில்லை. அந்த 800 பங்குகளை அடுத்த செவ்வாயன்று 21.90-க்கு விற்றான், நட்டம் 6,880. குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பிடி கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை காலை 9:50-க்கு அவனிடமிருந்து வேறொரு சின்னப் பங்கின் வரைபடம் வந்தது. கீழே எழுதியிருந்தான்: "அண்ணா, இதுல நாலு நாளா வால்யூம் ஏறுது. இவங்க இன்னும் வாயைத் திறக்கல." 11:06-க்குச் சேனலில் அந்தப் பெயர் வந்தது.